இழப்பிலிருந்து திரும்பி வரும் கணக்கு
தானியங்கி வகையிடலும் அதன் பின்னோக்கு முறையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். ஒரு நரம்பணுப் பிணையத்தில் லட்சக்கணக்கான, சிலவற்றில் கோடிக்கணக்கான அளவுருக்கள் இருக்கின்றன. பிணையம் எவ்வளவு தவறுகிறது என்பதைச் சொல்ல ஒரே ஓர் எண் இருக்கிறது. அதற்கு இழப்பு என்று பெயர். பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் ஒவ்வோர் அளவுருவுக்கும், 'நீ சிறிது கூடினால் இழப்பு எவ்வளவு மாறும்?' என்பதற்கு விடை வேண்டும். அந்த விடைதான் பகுதி வகைக்கெழு. ஒரு கோடி அளவுரு என்றால் ஒரு கோடி வகைக்கெழு. இழப்பை ஒருமுறை கணக்கிட ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி வகைக்கெழுவையும் கணக்கிட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு கோடி விநாடி ஆகும் என்றுதான் முதலில் தோன்றும். அது கிட்டத்தட்ட நான்கு மாதம். உண்மையில் ஆவது மூன்று விநாடி போல. அளவுருக்கள் பத்துக் கோடியாகி, இழப்பைக் கணக்கிடும் நேரம் பத்து விநாடியானாலும், வகைக்கெழுக்களுக்கு முப்பது விநாடி போலத்தான் ஆகும். விகிதம் மாறுவதில்லை. இது எப்படி முடிகிறது என்பதை ஏழே வரி உள்ள ஒரு கணக்கைக் கையால் போட்டுக் காட்ட விரும்புகிறேன். பெரிய பிணையத்தில் நடப்பதும் இதே கணக்குதான்.

1. தள்ளிப் பார்க்கும் முறை

வகைக்கெழு வேண்டுமென்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் வரையறை. அளவுருவை h என்ற சிறு அளவு தள்ளு, இழப்பை மறுபடி கணக்கிடு, வித்தியாசத்தை h-ஆல் வகு. எளிய வழிதான். ஆனால் இதில் இரண்டு தொல்லைகள் உண்டு.

முதல் தொல்லை, ஒவ்வோர் அளவுருவுக்கும் இழப்பை மறுபடி கணக்கிட வேண்டும் என்பது. நான் சொன்ன நான்கு மாதக் கணக்கு இதுதான். இரண்டாவது தொல்லை துல்லியம். h பெரிதாக இருந்தால் வளைவு குறுக்கிட்டு விடை பிசகும். h மிகச் சிறிதாக இருந்தால், கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது கணினியின் முழுதாக்கல் பிழை விடையை விழுங்கிவிடும். 64 பிட் எண்களில் ஏறத்தாழ பதினாறு தசம இலக்கங்கள்தான் நிற்கும். எனவே h-ஐக் குறைத்துக்கொண்டே போனால் விடை ஒரு கட்டம் வரை தெளிவாகி, அதன்பின் கலங்கத் தொடங்கும்.

தானியங்கி வகையிடல் தள்ளிப் பார்ப்பதில்லை. ஒரு பெரிய சூத்திரத்தை எழுதி அதை வகையிடுவதும் இல்லை. எவ்வளவு சிக்கலான நிரலாக இருந்தாலும், அது ஓடும்போது கூட்டல், பெருக்கல், வர்க்கம், அடுக்குக்குறி போன்ற சிறு சிறு செயல்களாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு சிறு செயலின் வகைக்கெழுவும் பள்ளிப் பாடத்தில் இருப்பதே. அவற்றைச் சங்கிலி விதியால் கோத்துவிட்டால் முழு நிரலின் வகைக்கெழுவும் கிடைத்துவிடும். h என்ற ஒன்றே இதில் இல்லை. ஆகையால் வெட்டுப் பிழையும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து கோப்பது என்பதுதான் மீதிக் கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதே.

2. ஏழு வரிக் கணக்கு

மூன்றே அளவுருக்கள் உள்ள ஒரு குட்டிப் பிணையம். அளவுருக்கள் w, b, c. உள்ளீடு x = 2. வர வேண்டிய விடை t = 12. இப்போதைய மதிப்புகள் w = 3, b = −1, c = 0.4. கணக்கு இப்படி ஓடுகிறது:

```
v1 = w * x     = 6
v2 = v1 + b    = 5
v3 = v2 * v2   = 25
v4 = c * v3    = 10
v5 = v4 + v2   = 15
v6 = v5 - t    = 3
L  = v6 * v6   = 9
```

ஒவ்வொரு வரியும் ஒரு கணு. ஒரு வரியின் விடை எந்த வரியில் பயன்படுகிறதோ அங்கே ஓர் அம்புக்குறி போட்டால் கணக்கீட்டு வரைபடம் கிடைக்கும். தாளில் வரைந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே கோடாகப் போகும் அந்தப் படம் v2-இல் மட்டும் இரண்டாகப் பிரியும். v2 ஒரு பக்கம் வர்க்கமாகி v3-க்குப் போகிறது. இன்னொரு பக்கம் நேராக v5-க்குத் தாவுகிறது. ஆழமான பிணையங்களில் அடுக்குகளைத் தாண்டிப் போகும் குறுக்கிணைப்பு இருக்கிறதே, அதன் மிகச் சிறிய வடிவம் இது. இந்தப் பிரிவை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். பின்னோக்கு முறையில் கவனிக்க வேண்டிய இடமும் தவறு நடக்கும் இடமும் அதுதான்.

3. முன்னோக்கு முறை

முதலில் முன்னிருந்து வருவோம். w-ஐ மட்டும் ஓர் அலகு வேகத்தில் நகர்த்துவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியும் என்ன வேகத்தில் நகர்கிறது என்பதை, மதிப்போடு சேர்த்தே கணக்கிட்டுக்கொண்டு போவோம்.

v1 என்பது w-இன் 2 மடங்கு. அதன் வேகம் 2. v2-உம் அதே 2. v3 என்பது v2-இன் வர்க்கம்; வேகம் 2 × 5 × 2 = 20. v4-இன் வேகம் 0.4 × 20 = 8. v5-க்கு இரண்டு வழியாக வருகிறது: v4-இலிருந்து 8, v2-இலிருந்து 2, மொத்தம் 10. v6-உம் 10. கடைசியில் L-இன் வேகம் 2 × 3 × 10 = 60. ஆக, w-ஐப் பொறுத்து இழப்பின் வகைக்கெழு 60.

b-க்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். b-இன் வேகம் 1 என்றால் v2-க்கு 1, v3-க்கு 10, v4-க்கு 4, v5-க்கு 4 + 1 = 5, v6-க்கு 5, L-க்கு 30. c-க்கு மூன்றாம் முறை: v4-க்கு 25, v5-க்கும் v6-க்கும் 25, L-க்கு 150.

மூன்று விடைகளும் சரி. இந்த முறையைக் கணினி நிரலாக்கி 1964-இல் ஆர். ஈ. வெங்கர்ட் வெளியிட்டார். வரிவரியாகக் கணக்கைப் பிரித்து எழுதும் மேற்கண்ட பட்டியலுக்கு இன்றும் வெங்கர்ட் பட்டியல் என்றே பெயர்.

இப்போது w-க்கும் b-க்கும் போட்ட இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். w-இன் கணக்கு v2-க்கு வரும்போது 2 என்று வந்தது. கடைசியில் 60 ஆனது. b-இன் கணக்கு v2-க்கு வரும்போது 1 என்று வந்தது; கடைசியில் 30 ஆனது. v2-க்கு அப்புறம் இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன. அந்தப் பாதை இரண்டு முறையும் வந்ததை 30-ஆல் பெருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த முப்பதை நாம் இரண்டு முறை தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறோம்.

v2-க்குள் ஓர் எடைக்குப் பதிலாக ஆயிரம் எடைகள் வந்து சேர்வதாக எண்ணிப் பாருங்கள். உண்மையான பிணையத்தில் ஒரு நரம்பணுவுக்குள் ஆயிரம் எடைகள் வருவது சாதாரணம். முன்னோக்கு முறையில் ஆயிரம் முறை நடந்து, ஆயிரம் முறையும் அதே முப்பதைக் கண்டுபிடிப்போம். வீணாவது இங்கேதான்.

4. பின்னோக்கு முறை

அப்படியானால் அந்த முப்பதை ஒரே ஒரு முறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் என்ன? அது v2 நகர்ந்தால் L எவ்வளவு நகரும் என்ற எண். இப்படி ஓர் எண்ணை ஒவ்வொரு கணுவுக்கும் வைப்போம். அதை அந்தக் கணுவின் பொறுப்பு என்று சொல்கிறேன். கணித நூல்களில் அட்ஜாயின்ட் என்பார்கள். ஒரு கணுவின் பொறுப்பு தெரிய வேண்டுமானால், அதற்குப் பின்னால் வரும் கணுக்களின் பொறுப்பு முதலில் தெரிய வேண்டும். ஆகவே கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும்.

L-இன் பொறுப்பு 1. அது நகரும் அளவே அது நகரும். L என்பது v6-இன் வர்க்கம்; எனவே v6-இன் பொறுப்பு 2 × 3 = 6. t மாறாத எண். v5-இன் பொறுப்பும் 6. v5 ஒரு கூட்டல். கூட்டல் தனக்கு வந்த பொறுப்பை அப்படியே இரண்டு பக்கமும் அனுப்பும். v4-க்கு 6, v2-க்கு 6. v2-இன் கணக்கு இன்னும் முடியவில்லை. இன்னொரு பாதையிலிருந்தும் அதற்கு வர வேண்டியிருக்கிறது. ஆறை அதன் பெயரில் எழுதிவைத்துவிட்டு மேலே போவோம்.

v4 ஒரு பெருக்கல்: c × v3. பெருக்கல், வந்த பொறுப்பை மற்றவரின் மதிப்பால் பெருக்கி அனுப்பும். c-க்கு 6 × 25 = 150. v3-க்கு 6 × 0.4 = 2.4. c-இன் விடை இதோ வந்துவிட்டது. v3 என்பது v2-இன் வர்க்கம்; அது v2-க்கு அனுப்புவது 2.4 × 2 × 5 = 24. v2-இன் பெயரில் ஏற்கெனவே 6 இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 30. நாம் தேடிய முப்பது இதுதான்.

இனி மீதி எளிது. v2 ஒரு கூட்டல். v1-க்கு 30, b-க்கு 30. v1 ஒரு பெருக்கல்; w-க்கு 30 × 2 = 60. மூன்று விடைகளும் வந்துவிட்டன: 60, 30, 150. முன்னோக்கு முறையில் மூன்று நடையில் வந்தது இங்கே ஒரே நடையில் வந்திருக்கிறது.

இப்போது v2-க்குள் ஆயிரம் எடைகள் வந்தால் என்ன ஆகும்? முப்பது என்பது கையில் இருக்கிறது. ஒவ்வோர் எடைக்கும் அதன் உள்ளீட்டை முப்பதால் பெருக்கினால் போதும். ஓர் எடைக்கு ஒரு பெருக்கல். முன்பக்கமாகக் கணக்கிடும்போதும் ஓர் எடைக்கு ஒரு பெருக்கல்தான் செய்தோம். ஆகவே பின்னோக்கிய நடையின் செலவு முன்னோக்கிய கணக்கின் செலவோடு சேர்ந்துதான் வளர்கிறது. அளவுருக்களின் எண்ணிக்கை தனியாக வந்து அதைப் பெருக்குவதில்லை.

பைடார்ச் நூலகத்தில் இதே கணக்கு இப்படி இருக்கும்:

```python
import torch
w = torch.tensor(3.0, requires_grad=True)
b = torch.tensor(-1.0, requires_grad=True)
c = torch.tensor(0.4, requires_grad=True)
v2 = w * 2.0 + b
L = (c * v2 * v2 + v2 - 12.0) ** 2
L.backward()
print(w.grad, b.grad, c.grad)
```

அச்சாவது 60, 30, 150. `L.backward()` என்ற வரியில் நடப்பது நாம் இப்போது கையால் நடந்துவந்த அதே பாதை.

5. ஏன் ஒரே இழப்பு?

பின்னோக்கு முறை எப்போதும் உயர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அதன் பலம் வரைபடத்தின் வடிவத்தைப் பொறுத்தது. முன்னோக்கிய ஒரு நடை, ஓர் உள்ளீட்டுக்கு எல்லா வெளியீடுகளின் வகைக்கெழுவையும் தரும். பின்னோக்கிய ஒரு நடை, ஒரு வெளியீட்டுக்கு எல்லா உள்ளீடுகளின் வகைக்கெழுவையும் தரும். எந்தப் பக்கம் எண்ணிக்கை குறைவோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதே சிக்கனம். நரம்பணுப் பிணையத்தில் ஒரு பக்கம் கோடி அளவுருக்கள், மறுபக்கம் ஒரே இழப்பு. அதனால்தான் அங்கே பின்னோக்கு முறை.

இதை அணிகளாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட அடுக்குகள் மூன்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அடுக்கின் வகைக்கெழுவும் 1000 × 1000 அணி. கடைசியில் இழப்பு ஒரே எண் என்பதால் அதன் வகைக்கெழு ஆயிரம் எண்கள் கொண்ட ஒரே நிரை. சங்கிலி விதி இந்த நான்கையும் பெருக்கச் சொல்கிறது:

```
g * A3 * A2 * A1
```

அணிப் பெருக்கலில் அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை ஒன்றுதான். ஆனால் உழைப்பு ஒன்றல்ல. இடப்பக்கத்தில் g-இலிருந்து தொடங்கினால், ஒவ்வொரு கட்டத்திலும் நிரையை அணியால் பெருக்குகிறோம். 10 லட்சம் பெருக்கல். கிடைப்பது மறுபடி ஒரு நிரைதான். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து 30 லட்சம். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முதலில் A2 × A1. அணியை அணியால் பெருக்க 100 கோடி பெருக்கல். அதை A3-ஆல் பெருக்க இன்னொரு 100 கோடி. கடைசியில் g-ஆல் பெருக்க 10 லட்சம். 30 லட்சம் எங்கே, 200 கோடி எங்கே! இடமிருந்து வருவது பின்னோக்கு முறை. வலமிருந்து வருவது முன்னோக்கு முறை. g ஒற்றை நிரையாக இருப்பதால்தான் இவ்வளவு மிச்சம். g-உம் 1000 × 1000 அணியாக இருந்திருந்தால், எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒரே உழைப்புதான்.

இழப்பு ஒரே எண்ணாக இருப்பதும் தற்செயல் இல்லை. எந்தத் திசையில் போனால் நல்லது என்று முடிவெடுக்க, இரண்டு நிலைகளில் எது மேல் என்று ஒப்பிடத் தெரிய வேண்டும். எண்களை அப்படி வரிசைப்படுத்தலாம். எண் தொகுதிகளை முடியாது. ஆகவே ஒரு தொகுப்பில் 64 படங்கள் இருந்தால் 64 இழப்புகளையும் சராசரியாக்குகிறோம். இரண்டு நோக்கங்கள் இருந்தால் எடை கொடுத்துக் கூட்டுகிறோம். கூட்டாமல் ஒரு தொகுதியின் மேல் `backward()` போட்டுப் பாருங்கள், பைடார்ச் மறுத்துவிடும்:

```
grad can be implicitly created only for scalar outputs
```

தொடங்குவதற்கு 1 என்ற பொறுப்பை எந்த வெளியீட்டுக்குக் கொடுப்பது என்று நூலகத்துக்குத் தெரியவில்லை. மாணவர்கள் இந்தப் பிழைச் செய்தியை ஒரு தடையாகப் பார்க்கிறார்கள். பின்னோக்கு முறையின் அடிப்படையே அதற்குள் இருக்கிறது.

தொடக்கத்தில் மூன்று விநாடி என்றேனே, அந்த மூன்று எங்கிருந்து வந்தது? ஓர் அடுக்கை முன்னோக்கிக் கணக்கிட ஓர் அணிப் பெருக்கல். பின்னோக்கி வரும்போது இரண்டு: எடைகளின் பொறுப்புக்கு ஒன்று, முந்தைய அடுக்குக்கு அனுப்ப ஒன்று. மொத்தம் மூன்று. பொதுவான கணக்குகளுக்கும், இந்த மடங்கு மாறிகளின் எண்ணிக்கையைச் சாராத ஒரு சிறு எண்ணைத் தாண்டாது என்பதை வால்டர் பாவ்ர், ஃபோல்கர் ஸ்ட்ராசன் இருவரும் 1983-இல் நிறுவினார்கள்.

இந்த முறையின் பிறப்பிலும் இதே வடிவம்தான் இருந்தது. 1970-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் செப்போ லின்னைன்மா தம் முதுகலை ஆய்வேட்டில் இதை விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது நரம்பணுப் பிணையம் இல்லை. கணினியின் முழுதாக்கல் பிழை. ஒரு நீண்ட கணக்கில் ஒவ்வொரு வரியிலும் ஒரு சிறு பிழை நேர்கிறது. அவை எல்லாம் சேர்ந்து கடைசி விடையை எவ்வளவு பாதிக்கின்றன என்பதே அவர் கேள்வி. ஏராளமான சிறு பிழைகள், ஒரே விடை. அந்தக் கேள்வியே அவரைப் பின்னாலிருந்து நடக்க வைத்தது. 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட பின்பரப்பு முறை, இந்தக் கணக்கைப் பிணையத்துக்குப் பொருத்தியதே.

6. கொடுக்க வேண்டிய விலை

நேரத்தில் மிச்சம் பிடித்ததற்கு நினைவகத்தில் விலை கொடுக்கிறோம். பின்னோக்கி வரும்போது c-இன் பொறுப்புக்கு v3-இன் மதிப்பு 25 தேவைப்பட்டது. வர்க்கத்துக்கு v2-இன் 5 தேவைப்பட்டது. கடைசி வர்க்கத்துக்கு v6-இன் 3. w-க்கு x-இன் 2. இவற்றை முன்னோக்கிப் போகும்போதே எழுதிவைத்திருக்க வேண்டும். முன்னோக்கு முறைக்கு இந்தத் தேவை கிடையாது. மதிப்பும் வேகமும் சேர்ந்தே போகின்றன, பழையதை மறந்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். v1, v4, v5 மூன்றின் மதிப்புகளும் நமக்குத் தேவைப்படவே இல்லை. அவை கூட்டல், கழித்தலுக்குள் மட்டுமே போயின. கூட்டல் தன் உள்ளீடுகளின் மதிப்பைக் கேட்பதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு செயலின் வகைக்கெழு விதிதான் முடிவுசெய்கிறது. பைடார்ச் அப்படி வைத்துக்கொண்டவற்றை `backward()` முடிந்ததும் விடுவித்துவிடும். அதனால்தான் அதே வரைபடத்தில் மறுமுறை `backward()` கேட்டால், வழக்கமாகப் பிழை வருகிறது.

பிணையம் ஆழமாக ஆக, வைத்துக்கொள்ள வேண்டியவை பெருகும். பயிற்சியின்போது நினைவகம் நிரம்பி ஓட்டம் நின்றுபோவதும், அதே பிணையம் பயிற்சி இல்லாத வெறும் கணிப்பின்போது நிம்மதியாக ஓடுவதும் இதனால்தான். இதற்கு மாற்று, சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுபடி கணக்கிடுவது. நூறு அடுக்குகளில் பத்துக்கு ஒன்று வீதம் பத்து அடுக்குகளின் விடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி வரும்போது ஒவ்வொரு பத்தையும் அதன் தொடக்கத்திலிருந்து மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நூறு அடுக்குக்கான இடம் ஏறத்தாழ இருபது அடுக்குக்கானதாகச் சுருங்கும். கூடுதல் செலவு ஒரு முன்னோக்கிய நடை மட்டுமே. மூன்று பங்கு உழைப்பு நான்காகும். இந்த உத்தியை அடுக்கடுக்காகப் பயன்படுத்தினால், தேவைப்படும் இடம் கணக்கின் நீளத்தின் மடக்கை அளவுக்கே வளரும்படி செய்யலாம் என்று ஆண்ட்ரியாஸ் கிரீவாங்க் 1992-இல் காட்டினார்.

7. தவறு எங்கே நடக்கும், எப்படித் தெரியும்?

இந்த முறையைத் தாமே நிரலாக எழுதிப் பார்ப்பவர்கள் v2-இல்தான் தவறுவார்கள். முதலில் வந்த 6-ஓடு 24-ஐக் கூட்டுவதற்குப் பதிலாக, 6-இன் மேல் 24-ஐ எழுதிவிடுவார்கள். அப்போது விடைகள் w-க்கு 48, b-க்கு 24, c-க்கு 150 என்று வரும். c சரியாக இருப்பதைப் பாருங்கள். குறிகளும் சரியாகவே இருக்கின்றன. அந்த எண்களை வைத்துப் பயிற்சி செய்தால் இழப்பு குறையவும் குறையும், சற்று மந்தமாக. எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரைபடத்தில் பிரிவு இல்லாத பிணையங்களில் இந்த நிரல் சரியாகவே ஓடும் என்பதால் தவறு நெடுநாள் மறைந்திருக்கும்.

இதைப் பிடிக்க, நாம் முதலில் ஒதுக்கிய தள்ளிப் பார்க்கும் முறையே உதவுகிறது. பயிற்சிக்கு அது ஆகாது, சரிபார்ப்புக்கு ஆகும். b-ஐ 0.001 கூட்டினால் இழப்பு 9.030027. வித்தியாசத்தை 0.001-ஆல் வகுத்தால் 30.027. பக்கத்தில் வந்துவிட்டோம். b-ஐ 0.001 குறைத்தும் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.002-ஆல் வகுத்தால் 30.000004. 24 என்ற விடை தவறு என்பதில் இனி ஐயமில்லை. ஆசைப்பட்டு h-ஐ 10⁻¹⁶ என்று வைத்தால் விடை 0 என்று வரும். 6-ஓடு b-ஐக் கூட்டும்போதே அந்த நுண்ணிய மாற்றம் கரைந்துவிடுகிறது. பைடார்ச்சில் `torch.autograd.gradcheck` இந்தச் சரிபார்ப்பைத்தான் செய்கிறது. அதற்கு 64 பிட் எண்களைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தவறும் கூட்டலைச் சார்ந்ததே. பைடார்ச் ஒவ்வொரு `backward()`-இலும் வரும் பொறுப்பை அளவுருவின் `.grad`-இல் கூட்டிக்கொண்டே போகும். இரண்டு பாதைகளிலிருந்து வருவதைக் கூட்டும் அதே விதியின் நீட்சி இது. அடுத்த படிக்கு முன்னால் `zero_grad()` போட மறந்தால், பழைய படிகளின் வகைக்கெழு புதியதோடு கலந்துவிடும். நம் நிரலில் அளவுருக்களை மறுபடி உருவாக்காமல், `v2 =` என்ற வரியிலிருந்து மட்டும் மறுபடி ஓட்டினால் w-க்கு 60-க்குப் பதிலாக 120 என்று காட்டும்.

மூன்றாவது, முறையின் எல்லையைச் சேர்ந்தது. தானியங்கி வகையிடல், நிரல் உண்மையில் நடந்துபோன பாதையை வகையிடுகிறது. நீங்கள் மனத்தில் நினைத்த சார்பை அது அறியாது. x மூன்றுக்குச் சமமானால் 9 என்றும், இல்லையென்றால் x × x என்றும் ஒரு நிரல் எழுதினால், எல்லா இடத்திலும் அது x-இன் வர்க்கம்தான். ஆனால் x = 3-இல் வகைக்கெழு கேட்டால், 6-க்குப் பதில் 0 வரும். அந்தப் பாதையில் x இல்லவே இல்லை, வெறும் 9 மட்டும்தான் இருக்கிறது. சில மதிப்புகளுக்கு என்று தனியாகக் கிளை பிரிக்கும் நிரல்களில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

8. நிறைவாக

முன்னோக்கு முறையை நான் குறைத்துப் பேசியதாக யாரும் கொள்ள வேண்டாம். ஒரே ஓர் அளவுருவை மாற்றினால் ஆயிரம் இடங்களின் வெப்பநிலை எப்படி மாறும் என்று கேட்டால், அதற்கு முன்னோக்கு முறைதான் பொருத்தம்: ஒரு நடை, எழுதிவைக்க எதுவும் வேண்டாம். இழப்பின் இரண்டாம் வகைக்கெழு அணியை ஒரு திசையால் பெருக்க வேண்டுமானால், பின்னோக்கு முறையின் மேல் முன்னோக்கு முறையை ஓட்டுவது நல்ல வழி. அணி முழுவதையும் எழுதாமலே விடை கிடைத்துவிடும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். `backward()` என்று எழுதும் முன் உங்கள் வரைபடத்தின் இரண்டு முனைகளையும் எண்ணிப் பாருங்கள். எந்த முனையில் எண்ணிக்கை குறைவு? நடுவில் எந்தக் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அம்புகள் புறப்படுகின்றன? பின்னோக்கி வர எந்த மதிப்புகள் தேவை? முதல் கேள்வியின் விடை எந்த முறை என்பதைச் சொல்லும். இரண்டாவது, எங்கே கூட்ட வேண்டும் என்பதைச் சொல்லும். மூன்றாவது, எவ்வளவு நினைவகம் என்பதைச் சொல்லும். ஏழு வரிக் கணக்கில் இந்த மூன்றுக்கும் கையால் விடை கண்டவருக்கு எழுபது கோடி அளவுருக்கள் உள்ள பிணையத்திலும் கேட்க வேண்டியவை இதே மூன்று கேள்விகள்தான்.